நாய் இறந்த வீட்டுக்கு எந்தப் புத்தகம்?

வளர்த்த நாயோ பூனையோ இறந்துபோன வீட்டில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட ஒரு புத்தகம் தேடினால் ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் நல்ல ஸ்டார், எல்லா அட்டையிலும் நம்மையே பார்க்கிற மாதிரி ஒரு நாய், சரி எதை வாங்கினால் என்ன என்று முதலில் வருவதை ஆர்டர் போட்டுவிடுவோம். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்கச் சொல்கிறேன். "இப்ப அது எங்க இருக்கு?" என்று பிள்ளை கேட்குமே, அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. ஒன்று சொர்க்கம் என்கிறது, ஒன்று மண் என்கிறது, ஒன்று கனவில் வரும் என்கிறது, ஒன்று அதைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டில் அம்மாவும் ஆயாவும் ஏற்கெனவே ஏதோ ஒன்று சொல்லியிருப்பார்கள். புத்தகம் வந்து வேறொன்றைச் சொன்னால் பிள்ளை யாரை நம்பும்?

பழைய வண்ணாரப்பேட்டையில் சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறவள் நான். இந்தப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறேன், எந்தப் பக்கத்தில் பேச ஆரம்பிப்பார்கள், எந்தப் பக்கத்தில் மூடி வைப்பார்கள் என்று தெரியும். எல்லாவற்றையும் பட்டியல் போடப் போவதில்லை. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு எது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

காசிமேட்டில் ஒரு லைன் வீடு. அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை, அப்புறம் அம்மா, ஆயா, 10 வயதில் பையன், 5 வயதில் பெண். நாய் பெயர் மணி. தெருவில் குட்டியாகக் கிடந்ததைத் தூக்கி வந்து வளர்த்த நாட்டு நாய், வயசான நாயும் இல்லை, நோயும் இல்லை. ஒரு காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பையன் பின்னாலேயே ஓடியிருக்கிறது, அவன் "போடா வீட்டுக்கு" என்று அதட்டி விரட்டியிருக்கிறான், அது வீட்டுக்குப் போகாமல் எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போய் கண்டெய்னர் லாரியில் அடிபட்டுவிட்டது. பிள்ளைகள் சாயங்காலம் திரும்பி வருவதற்குள் மாநகராட்சி வண்டி வந்து உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆக, பிள்ளைகள் உடலைப் பார்க்கவில்லை. புதைக்கவில்லை. பையன் மனதில் "நான் விரட்டினதாலதான்" என்று ஒன்று உட்கார்ந்துவிட்டது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புத்தகத் தேர்வு முழுக்க இதைச் சுற்றித்தான் வரும்.

அவர்கள் வீட்டுக்கு முதலில் வந்தது சிந்தியா ரைலன்ட் எழுதி அவரே படமும் வரைந்த 'டாக் ஹெவன்', 1995இல் வந்த புத்தகம். பூனைக்கு 'கேட் ஹெவன்' என்று 1997இல் தனியாக எழுதினார். உறவுக்காரர் ஒருவர் அன்போடு வாங்கி அனுப்பியது. பளிச்சென்ற வண்ணம், குழந்தை வரைந்தது போன்ற படங்கள். சொர்க்கத்துக்குப் போகிற நாய்களுக்கு இறக்கை தேவையில்லை, நாய்க்கு ஓடத்தான் பிடிக்கும் என்று கடவுளுக்குத் தெரியும், அதனால் பெரிய வயல்வெளிகளைக் கொடுக்கிறார் என்று ஆரம்பிக்கும். விதவிதமான வடிவத்தில் பிஸ்கட் உண்டு, படுக்க மேகம் உண்டு, குரைத்து விரட்ட ஏரியில் வாத்துகள் உண்டு. கடைசியில், பழைய எஜமானர்கள் வரும்வரை நாய் அங்கே காத்திருக்கும், வரும்போது வாசலில் நிற்கும்.

ராயபுரத்தில் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் ஒன்றுக்கு இதைக் கொடுத்தபோது நன்றாகவே வேலை செய்தது, அந்த வீட்டுப் பாட்டி தினமும் ஜெபத்தில் சொல்வதைத்தான் புத்தகமும் சொல்கிறது, பிள்ளைக்கு அது ஒரே குரலாகக் கேட்டது. காசிமேட்டு வீட்டில் இரண்டு இடத்தில் இடறியது. 5 வயதுக்காரி கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு "அப்ப நாமளும் அங்க போலாமா, பஸ்ல போலாமா?" என்று கேட்டாள். இதில் பதற ஒன்றுமில்லை. நாலைந்து வயதில் செத்தது திரும்பி வராது என்பதே சரியாகப் பிடிபட்டிருக்காது, சொர்க்கம் என்றால் திருவொற்றியூர் மாதிரி ஒரு ஊர் என்றுதான் நினைக்கும். ஆனால் பதில் தயாராக வைத்துக்கொள்ளாமல் அந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாது. பையன் கேட்டது வேறு. நாய்க்கு ஓடப் பிடிக்கும் என்று தெரிந்த கடவுள் லாரி வரும்போது என்ன பண்ணிக்கொண்டிருந்தார் என்றான். வயதாகி, படுத்த படுக்கையாக இருந்து, அமைதியாகப் போன நாய்க்கு எழுதிய மாதிரியான புத்தகம் அது. அடிபட்டுச் செத்த நாயைப் பற்றி அதனிடம் வார்த்தையே இல்லை. எனவே என் கணக்கு இது: வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நம்புகிறீர்கள், சாவும் நோயாலோ வயதாலோ வந்தது, பிள்ளை ஆறு வயதாவது தாண்டியிருக்கிறது என்றால் 'டாக் ஹெவன்' வாங்குங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் வேறு பாருங்கள்.

அடுத்து எல்லோரும் சொல்வது ஹான்ஸ் வில்ஹெல்மின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ', 1985. எனக்கு மிகவும் பிடித்த புத்தகம், ஆனால் இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று நானே தடுத்தேன். எல்ஃபி என்ற டாக்ஸ்ஹண்ட் நாயும் ஒரு பையனும் ஒன்றாக வளர்கிறார்கள், நாய் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் கிழடாகிறது. மாடிப்படி ஏற முடியாமல் போனதும் பையன் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் படுக்க வைக்கிறான். தினமும் ராத்திரி "உன்னை எப்பவும் எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்குவான். ஒரு நாள் காலையில் பார்த்தால் நாய் இறந்திருக்கிறது. அவன் கூடப் பிறந்தவர்களும் அதை நேசித்தவர்கள்தான், ஆனால் வாய் திறந்து சொன்னதில்லை, அதனால் அவர்களுக்கு வருத்தம் அதிகம். இவன் சொல்லியிருந்தான், அது இவனுக்கு ஆறுதல்.

கதையின் முழு பலமும் அந்த ஆறுதலில்தான் நிற்கிறது. இப்போது நம்ம காசிமேட்டுப் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் மணியிடம் கடைசியாகச் சொன்னது "போடா". அவனிடம் போய், தினமும் அன்பாகப் பேசியவனுக்கு மனசு லேசாக இருந்தது என்று படித்துக் காட்டினால் அது மருந்தா, உப்பா? இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைக்கிற யாரும் இதைச் சொல்வதில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கடைசி நாளில் திட்டிய பிள்ளை, சோறு வைக்க மறந்த பிள்ளை, கதவைத் தாழ் போடாத பிள்ளை, இவர்களுக்கு இதை உடனே கொடுக்காதீர்கள். வயதாகி இறந்த நாய், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பிள்ளை என்றால் இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது. அடுத்த நாய் விஷயத்திலும் இது நேர்மையாக நடந்துகொள்கிறது. பக்கத்து வீட்டார் குட்டி தருகிறேன் என்று வரும்போது பையன் வேண்டாம் என்கிறான், எல்ஃபியின் கூடையை அந்தக் குட்டிக்குக் கொடுத்துவிடுகிறான்.

அடிபட்டு இறந்த நாய்க்கு என்றே நேராக எழுதிய படப் புத்தகம் ஒன்று உண்டு. மார்கரெட் வைல்ட் எழுதி ஃப்ரேயா பிளாக்வுட் படம் வரைந்த 'ஹாரி அண்ட் ஹாப்பர்', ஆஸ்திரேலியாவில் 2009இல் வந்தது, அதன் படங்களுக்கு 2010இல் கேட் கிரீன்அவே பதக்கம் கிடைத்தது. ஹாரி பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறான், வாசலில் நாய் இல்லை, அப்பா நிற்கிறார், விபத்து, ஹாப்பர் இறந்துவிட்டது என்கிறார். ஹாரி டிவியைப் போட்டுச் சத்தம் வைத்துப் பார்க்கிறான். புதைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கிறாயா என்று கேட்டதற்கு மாட்டேன் என்கிறான். நாயோடு தூங்கிய படுக்கைக்குப் போகப் பிடிக்காமல் சோபாவில் படுக்கிறான். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்வதில்லை. காசிமேட்டுப் பையன் செய்ததெல்லாம் கிட்டத்தட்ட இதேதான். அழவில்லை, பேசவில்லை, போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான், வகுப்பில் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கங்களைப் படித்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சோபாவில் ஹாரி படுத்திருக்கிற பக்கத்தைத் திருப்ப விடாமல் கையை வைத்துக்கொண்டான்.

கதையின் பின்பாதிதான் நம் வீடுகளில் சிக்கல். ராத்திரி ஜன்னலில் ஹாப்பர் வந்து நிற்கிறது, ஹாரி வெளியே போய் அதோடு விளையாடுகிறான். அடுத்தடுத்த ராத்திரிகளில் அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வருகிறது, கடைசியில் ஹாரி அதற்குப் போய்வா சொல்கிறான். உடலைப் பார்க்காத பிள்ளைக்கு, வழியனுப்ப வாய்ப்பே கிடைக்காத பிள்ளைக்கு, அந்த வாய்ப்பைக் கதைக்குள் திருப்பிக் கொடுக்கிறார்கள். அருமையான யோசனை. ஆனால் செத்த நாய் ராத்திரி ஜன்னலுக்கு வந்தது என்று வட சென்னையில் ஒரு ஆயா காதில் விழும்படி படித்துப் பாருங்கள், "அய்யய்யோ, ஆவி வருதுன்னா புள்ளைங்களுக்குச் சொல்ற?" என்பார். அந்த வீட்டு ஆயா அப்படியேதான் கேட்டார், அவர் கேட்டதில் தப்பும் இல்லை. 5 வயதுக்காரி அன்று ராத்திரி ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறாள். ஆகவே இது எட்டு வயதுக்கு மேல், பகலில், தனியாக. சின்னப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் பாதியில் நிறுத்திவிடுங்கள். மங்கிப் போகிற அந்தப் படங்களைப் பற்றி "இது அவனோட ஞாபகம், கொஞ்ச நாள் ரொம்பத் தெளிவா இருக்கும், அப்புறம் மெல்ல மெல்லக் குறையும்" என்று ஒரு வரி சொன்னால் பெரிய பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

இனி நான் முதலிடம் கொடுக்கிற புத்தகம். ஜூடித் வியோர்ஸ்ட் எழுதி எரிக் பிளெக்வாட் படம் வரைந்த 'தி டென்த் குட் திங் அபௌட் பார்னி', 1971. பார்க்க ஒன்றுமே இருக்காது, சின்னப் புத்தகம், கறுப்பு மசியில் மெல்லிய கோட்டுப் படங்கள், வண்ணம் கிடையாது. பார்னி என்ற பூனை வெள்ளிக்கிழமை இறந்துவிட்டது என்ற செய்தியோடு நேராக ஆரம்பிக்கிறது. பையன் டிவி பார்க்கவில்லை, சாப்பிடவில்லை. அம்மா, நாளைக்குப் புதைக்கும்போது சொல்ல பார்னியைப் பற்றிப் பத்து நல்ல விஷயம் யோசித்து வை என்கிறாள். அவனுக்கு ஒன்பதுதான் வருகிறது. தைரியசாலி, புத்திசாலி, கட்டிக்கொள்ள நன்றாக இருக்கும், ஒரே ஒரு தடவைதான் பறவையைத் தின்றது என்று போகும் அந்தப் பட்டியல். பக்கத்து வீட்டுப் பெண் ஆனி, பார்னி சொர்க்கத்தில் இருக்கிறது என்கிறாள், இவன் மண்ணுக்குள் இருக்கிறது என்கிறான், சண்டை வருகிறது. அப்பாவிடம் போகிறார்கள். சொர்க்கத்தைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது, உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் அப்பா.

அந்த இடத்துக்காகவே இதை முதலில் வைக்கிறேன். நம் வீடுகளில் ஒரே கூரைக்குள் ஆயா ஒன்று நம்புவார், அப்பா ஒன்று நம்புவார், அம்மா சர்ச்சுக்கும் போவார் அம்மன் கோயிலுக்கும் போவார், எதிர் வீட்டுப் பாய் வேறு சொல்வார். பிள்ளைக்கு நாலு பதில் கிடைக்கும். இந்தப் புத்தகத்தில் இரண்டு பிள்ளைகள் இரண்டு பதிலை வைத்துச் சண்டை போட்டு, பெரியவர் யாரையும் தோற்கடிக்காமல் விட்டுவிடுகிறார். ஆயா சொன்னதும் அங்கே உயிரோடு இருக்கிறது, அப்பா சொன்னதும் இருக்கிறது.

ஆனால் பத்தாவது நல்ல விஷயம் என்ன என்று பாருங்கள். அப்பாவோடு தோட்டத்தில் விதை போடும்போது, மண் எல்லாவற்றையும் மாற்றிவிடும், பார்னியும் மண்ணோடு சேர்ந்து பூ வளர உதவும் என்று தெரிந்துகொள்கிறான். அதுதான் பத்தாவது. தோட்டம் உள்ள வீட்டுக்கு அழகான முடிவு. லைன் வீட்டில் மண் எங்கே இருக்கிறது? மணி எந்த மண்ணில் இருக்கிறது என்றே தெரியாது, மாநகராட்சி வண்டியில் போனது. கடைசி நாலைந்து பக்கத்தை அப்படியே படித்தால் "நம்ம மணிய எங்க போட்டாங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும், அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அதனால் அந்த வீட்டில் ஒன்பதோடு நிறுத்தினோம். ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பார்னிக்கு ஒன்பது ஆச்சு, மணிக்கு எவ்வளவு வருது பார்க்கலாம் என்றேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மாதான் ஆரம்பித்தார், மழை நாளில் காலைத் துடைக்காமல் உள்ளே வராது என்று. பெண் "வால் பிரியாணி வாசனைக்குத் தனியா ஆடும்" என்றாள். ஆயா, "வஞ்சிரத் தலையை ஒரு தடவதான் தூக்கினு ஓடிச்சு, அதுவும் நான் தட்டை மூடி வைக்காததால" என்றார், பார்னி பறவை தின்ற கணக்கு மாதிரியே. அப்பா, விடியற்காலை கடலுக்குப் போகும்போது தெருமுனை வரை வந்து வழியனுப்பிவிட்டுத்தான் திரும்பும் என்றார். அப்போது பையன் முதல் தடவையாகப் பேசினான். "எல்லாரையும் அப்படித்தான் பின்னாலயே வரும். என்னையும்தான் வந்துச்சு." அதை அப்படியே ஐந்தாவதாக எழுதிக்கொண்டோம். அவன் விரட்டியதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் எல்லோர் பின்னாலும் வருகிற நாய், அன்றைக்கும் வந்தது என்பது எல்லோர் முன்னாலும் நோட்டில் இருந்தது. அப்புறம் அவன் அம்மா தனியாகக் கூப்பிட்டு, நீ விரட்டினது அது ரோட்டுக்குப் போகக் கூடாதுன்னுதானே, லாரி அடிச்சதுக்கு நீ காரணம் இல்லை என்று நேராகவே சொன்னார். அதையும் சொல்லியே ஆக வேண்டும், பட்டியல் மட்டும் போதாது. பத்தாவது, 5 வயதுக்காரி சொன்னது: ராத்திரி லைன் கடைசியில் இருக்கிற பாத்ரூமுக்குப் போகும்போது மணி கூட வரும், அதனால் அவளுக்கு இருட்டில் பயம் போய்விட்டது. மண்ணும் பூவும் இல்லாமலே பத்து வந்துவிட்டது.

புதைக்க இடம் கிடைத்த வீட்டில் பார்னியை முழுக்கப் படியுங்கள். ஒரு துளசித் தொட்டி இருந்தால்கூட கடைசிப் பக்கம் பொருந்தும். உடல் கையில் கிடைக்காத வீட்டில் ஒன்பதோடு நிறுத்தி, பத்தாவதை உங்களுடையதாக எழுதுங்கள்.

சின்னவளுக்கு இது போதவில்லை. பத்து சொன்னதற்கு மறுநாள் காலையில் "மணி எப்ப வரும்?" என்று கேட்டாள். இந்த வயதுக்கு பிரையன் மெலோனி எழுதி ராபர்ட் இங்பென் படம் வரைந்த 'லைஃப்டைம்ஸ்', 1983. செல்லப் பிராணி யாருமே இதில் இல்லை, கதையும் இல்லை. உயிருள்ள எல்லாவற்றுக்கும் ஒரு ஆரம்பம் இருக்கிறது, ஒரு முடிவு இருக்கிறது, நடுவில் இருப்பதுதான் வாழ்வது என்று ஆரம்பித்து மரம், முயல், பூச்சி, மீன், பறவை, மனிதர் என்று ஒவ்வொன்றின் ஆயுளையும் ஓவியத்தோடு காட்டும். சில சமயம் நோய் வந்தோ அடிபட்டோ ஆயுள் முடிவதற்கு முன்பே இறந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. சொர்க்கம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, ஆகவே எந்த வீட்டு நம்பிக்கையோடும் மோதாது. அழுகிற பிள்ளைக்கு இது கொஞ்சம் வறட்சியாக இருக்கும், முதல் இரண்டு நாளில் கொடுக்காதீர்கள். "எப்ப வரும்" என்ற கேள்வி ஆரம்பித்த பிறகு கொடுங்கள். மீன் பக்கத்தில் அவளுக்கு நிறையத் தெரிந்திருந்தது, மீனவர் வீட்டுப் பெண், ஐஸ் பெட்டியில் இருக்கிற மீன் மூச்சு விடாது, திரும்ப நீந்தாது என்று தினமும் பார்க்கிறாள். "மணியும் அப்படியா?" என்றாள். ஆமாம் என்றோம். அன்றைக்குத்தான் சரியாக அழுதாள். தூங்குகிறது, ஊருக்குப் போயிருக்கிறது என்றெல்லாம் அதுவரை சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று, அப்படிச் சொன்ன வீடுகளில் பிள்ளை தானே தூங்கப் பயப்படும், இல்லையென்றால் வாசலிலேயே காத்திருக்கும்.

ஆயாவுக்கு ஒரு வேலை கொடுத்தோம், காசு செலவில்லாத வேலை. மகாபாரதத்தின் கடைசியில் தருமர் இமயமலை ஏறுவாரே, திரௌபதியும் தம்பிகளும் ஒவ்வொருவராக விழுந்த பிறகு ஒரு நாய் மட்டும் கூட வரும், இந்திரன் தேரோடு வந்து நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்பான், நம்பி வந்ததை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தருமர் நின்றுவிடுவார். ஆயாவுக்கு இந்தக் கதை மனப்பாடம். 'டாக் ஹெவன்' வெளியே இருந்து கொண்டுவந்த சொர்க்கத்தை விட இது அந்த வீட்டில் தானாக உட்கார்ந்தது, சொல்கிறவர் நம்பிச் சொல்கிறார் என்பதால். ஒரு எச்சரிக்கை. அந்த நாய் தர்மதேவதைதான் என்று கடைசியில் வரும், பத்து வயதுக்காரன் "அப்ப அது நிஜ நாயே இல்லையா?" என்று ஏமாந்து போவான். ஆயா சமாளித்த விதம் எனக்குப் பிடித்தது: "தருமருக்கு அது தெரியாதே கண்ணு, நாயின்னு நினைச்சுத்தானே நின்னாரு."

அந்த வீட்டு அப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு என்று ஒன்று சொல்வதானால், பிரையன் லைஸின் 'தி ரஃப் பேட்ச்', 2018, அடுத்த ஆண்டு படப் புத்தகங்களுக்கான அமெரிக்க விருதான கால்டிகாட் ஹானர் பெற்றது. படப் புத்தகம்தான், ஆனால் அதில் வருகிற எவான் என்ற நரியார் பிள்ளை இல்லை, பெரியவர். நாயோடு சேர்ந்து அருமையான தோட்டம் போட்டிருந்தவர், நாய் இறந்ததும் அந்தத் தோட்டத்தையே வெட்டிச் சாய்க்கிறார், முள்ளும் களையும்தான் வளரட்டும் என்று விடுகிறார். வேலி இடுக்கில் ஒரு பூசணிக் கொடி நுழைகிறது, அதை மட்டும் விட்டு வைக்கிறார், அது பெரிதாகக் காய்க்கிறது, சந்தைக்குக் கொண்டுபோகிறார், கடைசியில் ஒரு நாய்க்குட்டியோடு திரும்புகிறார். துக்கம் கோபமாக வருகிற ஆண்களுக்கு இது சரியாகத் தெரியும். எழுத்து குறைவு, படமே பேசும், ஆங்கிலம் அவ்வளவாக வராதவரும் புரிந்துகொள்ளலாம். ஆனால் குட்டியோடு முடிகிற புத்தகத்தைப் பிள்ளைகள் கண்ணில் காட்டினால் மறுநாளே "நமக்கும்" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த நாய் வேண்டுமா என்று வீட்டில் பேச்சு தானாக வரும்வரை இதை மேல் அலமாரியில் வையுங்கள்.

இந்தப் புத்தகங்கள் எல்லாமே ஆங்கிலம் என்பதால் படிக்கும் முறை பற்றி ஒன்று. நீங்கள் மட்டும் முதலில் ஒரு தடவை முழுக்கப் படியுங்கள், எந்தப் பக்கத்தில் உங்கள் தொண்டை அடைக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். பிறகு வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள், படத்தைக் காட்டி வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லுங்கள். படித்து முடித்து "புரிஞ்சுதா?" என்று கேட்க வேண்டாம். பிள்ளை அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் நல்லது, படியுங்கள். தட்டிவிட்டால் எடுத்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். சில வாரம் ஆகியும் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எதுவும் பழைய நிலைக்கு வரவில்லை, "நானும் செத்துப் போறேன்" என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் புத்தகத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் 14416க்குக் கூப்பிடுங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அப்படிப்பட்ட பேச்சு வந்துவிட்டால் வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே.

வாங்குகிறதுக்கு வருவோம். எல்லாம் வெளிநாட்டுப் பதிப்பு, கெட்டி அட்டை என்றால் விலை கடிக்கும், பேப்பர்பேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு தனியாக இருக்கிறது, ஒரு நடை போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலப் படப் புத்தகங்கள் கட்டுக் கட்டாக வரும், தலைப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் எடுத்து வைக்கிற கடைக்காரர்கள் உண்டு. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பார்னி. வீட்டில் ஆறு வயதுக்குள் பிள்ளை மட்டும்தான் என்றால் 'லைஃப்டைம்ஸ்'. அடிபட்டு இறந்தது, பெரிய பிள்ளை பேசவே மாட்டேன் என்கிறது என்றால் 'ஹாரி அண்ட் ஹாப்பர்', ஆயா தூங்கிய பிறகு வேண்டாம், பகலில்.